இருபத்து நான்கில் நின்ற எண்

ஆடி முடியட்டும் என்று காத்திருந்து, ஆவணி முதல் வெள்ளியன்று பழைய மின்சாரக் கார் ஒன்றைப் பார்க்க ஒத்தக்கடை போனோம். தங்கை கணவர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, திருச்சி விமான நிலையத்துக்கு வாடகைக்கு ஓட்டப்போகிறார். ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும். வழியில் சார்ஜ் போட்டே ஆகவேண்டும். அது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதில்தான் அவர் பிழைப்பு இருந்தது.

முந்தின வாரம் பசுமலையில் பார்த்த வண்டியில், சார்ஜ் போடும் மூடிக்குள் மேலே ஏழு துளை வட்டம் மட்டுமே இருந்தது. அது வீட்டில் மெதுவாக ஏற்றுவதற்கு. விரைவாக ஏற்ற அதற்குக் கீழே இரண்டு பெரிய துளைகள் வேண்டும். ஆகவே இங்கே முதலில் மூடியைத் திறந்து பார்த்தேன். இரண்டும் இருந்தன.

"விரைவு சார்ஜ்தாண்ணே, சி.சி.எஸ். டூ. அறுபது கிலோவாட் மிஷின்ல போடலாம், அரை மணில ஏறிரும்," என்றார் விற்பவர்.

அவர் அதைச் சட்டென்று சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மேலூர் ரோட்டு நிலையத்தில் போட்டுப் பார்த்தோம். திரையில் கிலோவாட் எண் பத்தைத் தாண்டவில்லை.

"பேட்டரி தொண்ணூறு சதம் இருக்குல்ல, அதான் மெதுவா ஏறுது," என்றார் விற்பவர்.

எண்பதுக்கு மேல் எந்த வண்டியிலும் மெதுவாகத்தான் ஏறும். பொய் இல்லை. ஆனால் சோதிக்க வரும் வண்டியை நிறைத்து வைத்திருந்ததுதான் உறுத்தியது.

"பேட்டரியக் காலி பண்ணிட்டு ஞாயித்துக்கெழம வாங்க," என்றேன்.

"மச்சான், அவரு வண்டியத்தான் விக்கிறாரு, நீங்க என்னமோ பொண்ணு பாக்குற மாதிரி கேக்குறீங்க," என்றார் மாப்பிள்ளை. வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம் அப்போதே அவர் சட்டைப்பையில் இருந்தது.

ஞாயிறு காலை அதே நிலையத்துக்கு வந்தபோது பேட்டரி கால்வாசிக்கும் குறைவாக இருந்தது. சார்ஜ் கன் மாட்டியதும் திரையில் இருபத்து நான்கு. அங்கேயே நின்றது.

விற்பவர் பக்கத்து கன்னைக் காட்டினார். "அந்த வண்டி பாதிய இழுக்குதுண்ணே. அது போகட்டும், பாருங்க."

அதுவும் உண்மையாக இருக்கலாம். இரண்டு கன்னும் ஓடினால் அந்த இயந்திரம் பகிர்ந்துதான் கொடுக்கும். டீ குடித்தோம். பக்கத்து வண்டி போனது. மூவரும் திரையையே பார்த்தோம். இருபத்து நான்கு, இருபத்து நான்கு.

"இந்த வண்டி எம்புட்டு வாங்கும்?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

விற்பவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இருபத்தஞ்சு," என்றார்.

அறுபது என்பது இயந்திரத்தின் அளவு, வண்டியின் அளவு இல்லை. அவர் சொன்னதில் அரை மணி மட்டுமே பொய். வழியில் ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும். விமானத்துக்குப் போகிறவர் காத்திருக்கமாட்டார்.

"ஊருக்குள்ள ஓட்டுறவனுக்கு நல்ல வண்டிண்ணே. எனக்குக் காணாது," என்றார் மாப்பிள்ளை, மரியாதையாகவே.

திரும்ப பஸ்ஸில் வந்தோம். எலுமிச்சம்பழத்தைத் தங்கை மத்தியானச் சாதத்துக்குப் பிழிந்துவிட்டாள்.