பேபியக்கா கேட்ட கடைசி வரி

கோவில்பட்டியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பேபியக்கா, சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதாகச் சரித்திரமே கிடையாது. வெளியூர்ச் சரக்குக்குக் கடிதம் எழுத வசதியாக இருக்குமென்று நாற்பத்தாறு வயதில் பிசினஸ் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்திருந்தார்.

அன்றைய பயிற்சி, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மின்னஞ்சல். பிற நாட்டு மாணவர்களுக்குச் சேர்க்கை எப்போது, கட்டணம் எவ்வளவு, என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று முறையாகக் கேட்க வேண்டும். மகள் விஜிக்கு நிஜமாகவே அது தேவைப்பட்டதால் அக்கா அக்கறையாக எழுதினார். கடைசி வரியில், கட்டணத்தில் எவ்வளவு குறைப்பீர்கள் என்றும் கேட்டுவைத்தார்.

வாத்தியார் சாம்ராஜ் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தார். "அக்கா, இது யுனிவர்சிட்டி. சந்தை இல்ல."

"கேட்டா வாயா வலிக்கப் போவுது, சார்?" என்று அந்த வரியோடேயே அனுப்பிவிட்டார் அக்கா.

நாலாம் நாள் பதில் வந்தது. கட்டணம், ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், கடைசித் தேதி எல்லாம் இருந்தன. இடம் கிடைத்தவர்கள் மார்ச்சுக்குள் உதவித்தொகைக்கு விண்ணப்பித்துத் தேர்வானால் முதலாண்டுக் கட்டணத்தில் இருபது சதவீதம் கழிவு என்றும் இருந்தது. சாம்ராஜ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இன்னொரு முறை படித்தார். அக்கா முகம் மட்டும் தெளியவில்லை.

"மொதக் கேள்விக்கே இருபதுங்காவ. இன்னும் இறங்குவாவ, சார். அடுத்த மெயிலு எப்படி எழுத?"