வாயால் கேட்டவருக்கு எழுத்தில் தந்த பதில்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்லன். தருமபுரி மாவட்டத்தின் ஓர் அரசு அலுவலகத்தில் கடைநிலைப் பணியாளனாகச் சேர்ந்து, தனித்தேர்வு எழுதி, தட்டச்சுக் கற்று, இளநிலை உதவியாளன் ஆகி, உதவியாளனாக ஓய்வு பெற்றேன். எழுதும் முறையைக் கோப்புகளிலிருந்தே கற்றவன் ஆதலால், என் நடை அவ்வாறே இருக்கும், பொறுத்தருளவும். இங்கே நான் சொல்லப்போவது ஒரு பழி தீர்த்த கதை. அதைப் பொய்யின்றித் தீர்த்தேன் என்பது ஒன்றே நான் கொள்ளும் பெருமை.

நான் இளநிலை உதவியாளனாக இருந்தபோது, எனக்குத் தட்டச்சு கற்பித்த பாப்பிரெட்டிப்பட்டிப் பயிலகத்தில் மாலை நேரங்களில் வந்து சொல்லிக்கொடுக்குமாறு அழைத்தார்கள். மாதச் சம்பளமும் தருவதாகச் சொன்னார்கள். அரசுப் பணியாளர் வெளியில் ஊதியம் பெற்று வேலை செய்வதானால் முன் அனுமதி வேண்டும் என்பதைக் கேள்விப்பட்டிருந்தேன்; ஆனால் விதியை வாசித்ததில்லை. எனவே பணியமைப்புப் பிரிவைப் பார்த்துவந்த உதவியாளரிடம் சென்று கேட்டேன். அவர் பணியில் எனக்கு இளையவர். தேர்வெழுதி நேராக அந்தப் பதவிக்கு வந்தவர். விடுப்பு, ஊதிய உயர்வு, நன்னடத்தை விதி ஆகிய யாவும் அவருடைய மேசையில்தான் இருந்தன.

அவர் தலைநிமிராமலே சொன்னார்: "போய்ச் சொல்லிக் குடுங்கண்ணா. சாயங்காலம் ஒரு மணி நேரம், இதையெல்லாம் யாரு கேக்கப் போறாங்க? மனு கினுன்னு எழுதாதீங்க, எனக்குத்தான் வேல."

நான் மனு எழுதவில்லை. சில மாதங்களில் என்மீது பெயரில்லாத புகார் ஒன்று வந்தது. விளக்கம் கேட்டு எனக்குக் குறிப்பாணை தந்தார்கள். பணியமைப்பு உதவியாளரைக் கேட்டே செய்தேன் என உள்ளபடி எழுதினேன். அன்றைய அலுவலர் அவரிடம் கருத்துரை கேட்டார். 'மேற்படியார் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் எதுவும் கூறவில்லை' என்று ஒரே வரியில் எழுதிக் கையொப்பமிட்டார் அவர்.

எனக்கு ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. அது போனதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. தண்டனை நடப்பில் இருந்ததால் அவ்வாண்டின் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் சேர்க்கப்படவில்லை. எனக்குப் பின்னால் பணிக்கு வந்த வேறொருவர் எனக்கு மேல் அமர்ந்தார். அதையும் தாங்கியிருப்பேன். அந்தப் பணியமைப்பு உதவியாளரோ அதன் பிறகு என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில், "வாங்க டைப்பு வாத்தியாரே, க்ளாஸ் முடிஞ்சுதுங்களா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்ததுண்டு. அந்தச் சிரிப்பை நான் இன்னும் அவருக்கு மன்னிக்கவில்லை.

தண்டனை வந்த பிறகுதான் நன்னடத்தை விதிகளை வரிவரியாக வாசித்தேன். அதில் எனக்கு ஒருவகை ருசி ஏற்பட்டது. அதை அறிந்தோ அறியாமலோ, பல ஆண்டுகளுக்குப் பின் அதே பணியமைப்புப் பிரிவை என்னிடம் ஒப்படைத்தார்கள். அவர் அமர்ந்த அதே மேசை. அவர் வெளியூர் மாறுதலில் போய், கண்காணிப்பாளராகி, எங்கள் அலுவலகத்துக்கே வேறொரு பிரிவுக்குத் திரும்பி வந்தார். அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் வரவேண்டிய முறை. அது வந்துவிட்டால் மேலாளராகத்தான் ஓய்வு பெறுவார்.

அந்த ஆண்டில் ஒருநாள், அலுவலகத்துக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் என்னைத் தனியே அழைத்தார். அதியமான்கோட்டை அருகே நான்குவழிச் சாலையோரம் மனை பிரித்து விற்கும் ஒருவர், ஆள் சேர்த்து மனை விற்றுத் தருவதற்கு அவரை அழைத்திருந்தார். விற்கும் மனைக்குத் தரகு உண்டு; கையெழுத்தானதும் முன்பணமும் உண்டு. ஒப்பந்தத்தின் நகலை என் கையில் கொடுத்தார்.

"வூட்டுக்காரி பேர்லதாண்ணா போடறேன். ரூல்ஸ் நம்மள ஒன்னும் பண்ணாதில்ல? நீங்கதான் அதுல புலியாச்சே. பாத்து ஒரு வார்த்த சொல்லுங்க."

அன்றுதான் முதன்முறையாக என்னை டைப்பு வாத்தியார் என்று அழைக்கவில்லை.

பார்த்துச் சொல்கிறேன் என்று நகலை வாங்கிக்கொண்டேன். வீட்டில் விதிப் புத்தகத்தை ஒரு பக்கமும் ஒப்பந்தத்தை மறுபக்கமும் வைத்து வாசித்தேன். மனைவி தொழில் செய்வதை விதி தடுக்கவில்லை. ஆனால் குடும்பத்தில் ஒருவர் தொழிலோ தரகோ செய்தால் பணியாளர் அதை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தத் தொழிலுக்கு அவரே ஆள் பிடிக்கக் கூடாது. அவரே செய்வதானால் முன் அனுமதி வேண்டும். செய்துவிட்டுப் பிறகு கேட்பது முன் அனுமதி ஆகாது. ஒப்பந்தமோ, கையெழுத்திடுபவர் தாமே வாடிக்கையாளரை அழைத்துச் சென்று மனையைக் காட்ட வேண்டும் என்றது. விளம்பரத்தில் அவருடைய படத்தையும் கைப்பேசி எண்ணையும் அச்சிடலாம் என்றது. இண்டூரில் வீட்டோடு இருக்கும் அவர் மனைவிக்கு மனை எத்திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. பெயருக்கு நேரே மனைவியின் பெயரும், கைப்பேசி எண்ணுக்கு நேரே இவருடைய எண்ணும் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன.

எனக்கு முன்னே மூன்று வழிகள் இருந்தன. தடையில்லை என்று பொய் சொல்லிக் குழியில் இறக்கலாம். ஆனால் அது அவருடைய வழி. உண்மையைக் காதோடு சொல்லலாம். அவர் இன்னும் கவனமாக மறைத்துச் செய்வார், நானும் உடந்தை ஆவேன். மூன்றாவது வழியை நினைத்தபோது நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அவ்வளவு மகிழ்ச்சி.

மறுநாள், பணியாளர்கள் பலர் குடும்பத்தார் பெயரில் தொழில் செய்வது குறித்து ஐயம் எழுப்புவதால் விதியை நினைவூட்டிச் சுற்றறிக்கை அனுப்பலாம் எனக் குறிப்பு எழுதி வைத்தேன். பலர் என்றது பொய்யன்று. காப்பீட்டு முகவர் வேலை, சீட்டு, சேலை வியாபாரம் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. எங்கள் அலுவலர் ஓர் அம்மையார், கண்டிப்பானவர். அன்றே ஒப்பமிட்டார். எல்லோரும் வாசித்துக் கையொப்பமிட வேண்டும் என்பது சுற்றறிக்கையின் கடைசி வரி.

அது கண்காணிப்பாளரின் மேசைக்குப் போனபோது நான் என் இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முழுவதும் வாசித்தார். மீண்டும் வாசித்தார். பிறகு கையொப்பமிட்டார். மாலையில் வாகனம் நிறுத்தும் இடத்தில் என் முன்னால் வந்து நின்றார். அதற்குள் ஒப்பந்தத்தில் மனைவியின் கையெழுத்து ஆகிவிட்டிருந்தது. என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

"ஏண்ணா, வாயால ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. இப்படியா ஊருக்கே தண்டோரா போடறது?"

நான் சொன்னேன்: "வாயால சொன்னதெல்லாம் பின்னால சொல்லலைன்னு ஆயிடுதுங்க சார்."

அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த மாற்றம் வந்தது. பிறகு, "டைப்பு வாத்தியாரு பழசெல்லாம் மறக்கல போல" என்று வண்டியை உதைத்துக் கிளப்பிப் போனார்.

அப்போதும் அவர் தப்பியிருக்கலாம். மனைவியின் தொழிலைத் தெரிவித்து ஒரு கடிதம் தந்துவிட்டு, மனைப் பக்கம் போகாமல் இருந்திருந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அவர் கடிதம் தரவில்லை. சாலையோரத்தில் பலகை எழுந்தது. அதில் கைகூப்பியபடி அவர் முகம். பெயரை மட்டும் மனைவியின் பெயராக எழுதியிருந்தார்கள். அலுவலகமே அதைப் பார்த்தது. ஒருவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சிலர் அவரிடம் மனை விலை விசாரித்தார்கள்.

பின்னர் ஒருநாள் முற்பகலில், விளம்பரத் தாளைக் கையில் பிடித்தபடி ஒரு கணவனும் மனைவியும், படத்தைக் காட்டி விசாரித்து, அலுவலகத்துக்கு வந்தார்கள். வத்தல்மலைப் பக்கத்துக் குடியானவர்கள். மனைக்குத் தருவதாக ஒப்புக்கொண்ட பாதை தரையில் இல்லை என்பது அவர்கள் குறை. அந்தத் தாளை என்னிடம் காட்டி, "இந்த சாரு எங்கீங்க இருக்கறாரு? போனு போட்டா எடுக்க மாட்டேங்கறாரு" என்று அந்தப் பெண் கேட்டார்.

கண்காணிப்பாளரின் நாற்காலி காலியாக இருந்தது. அவர் எங்கே போயிருப்பார் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் நேரில் கண்டதில்லை. பணி நேரத்தில் ஒருவர் இருக்கையில் இல்லாவிட்டால், எங்கே சென்றார் என்று அலுவலர்தான் சொல்ல முடியும். அதையே சொன்னேன்.

"அந்த ரூம்ல அம்மா இருக்காங்க. அவங்களக் கேளுங்க தாயி. அந்தத் தாளையும் காட்டுங்க."

அவர்கள் உள்ளே போனார்கள். கதவு மூடிக்கொண்டது. நான் அன்று வந்த தபால்களைப் பிரிக்கத் தொடங்கினேன். அவ்வளவு அமைதியாக என் கைகள் அதற்குமுன் வேலை செய்ததில்லை.

குறிப்பாணை போயிற்று. அதைத் தட்டச்சு செய்தவன் நானே; டைப்பு வாத்தியாருக்கு ஓர் எழுத்தும் பிழையாகவில்லை. அவர் தந்த விளக்கத்தை வாசித்தபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. பணியமைப்பு உதவியாளரைக் கேட்டதாகவும், தடையில்லை என்று அவர் வாய்மொழியாகக் கூறியதை நம்பியே நடந்ததாகவும் எழுதியிருந்தார். நான் என்றோ எழுதிய உண்மையை, பொய்யாக்கி அவர் எழுதினார்.

அலுவலர் அம்மையார் என்னிடம் கருத்துரை கேட்டார். 'மேற்படியார் என்னிடம் எதுவும் கேட்கவில்லை' என்று ஒரே வரியில் நானும் எழுதியிருக்கலாம். அந்த வரி எனக்கு மனப்பாடம். ஆனால் அது அவரைக் காப்பாற்றியிருக்கும். எல்லோரையும் போலச் சுற்றறிக்கையை வாசிக்காமல் கையொப்பமிட்டேன், விதி தெரியாமல் நடந்தேன் என்று அவர் தப்பிக்க இடம் கொடுத்திருக்கும். எனவே நடந்ததை நடந்தபடி எழுதினேன்: கேட்டார், ஒப்பந்தத்தின் நகல் தந்தார், அதில் அவர் எண் இருந்தது, வாய்மொழியாக நான் எதுவும் கூறவில்லை, பதில் சுற்றறிக்கையாகச் சென்றது, அவர் கையொப்பம் இணைக்கப்பட்டுள்ளது. கேட்டவருக்கு விதியில் ஐயம் இருந்தது என்பதும், கையொப்பமிட்ட பின் அந்த ஐயம் இல்லை என்பதும் அந்தத் தாளில் சேர்ந்தே நின்றன.

அம்மையார் என்னை அழைத்து ஒன்றே ஒன்று கேட்டார்: "நேர்லயே சொல்லியிருந்தா அவர் நின்னிருப்பாரோ?"

"சொல்ல முடியாதுங்கம்மா" என்றேன். அதுவும் உண்மைதான்.

கண்காணிப்பாளருடைய ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. பட்டியல் வந்தபோது அவர் பெயர் அதில் இல்லை. அடுத்த பட்டியலுக்கு முன்பே அவருக்கு ஓய்வு வயது வந்துவிட்டது. எனக்கு விடைதரும் விழாவுக்கு அவரும் வந்திருந்தார். மாலை போடவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு, காரம் தின்றுவிட்டுப் போனார்.

அந்தப் பலகை இன்னும் இருக்கிறது. ஒப்பந்தம் முறிந்தபின் மனைக்காரர் அதை எடுக்கவில்லை. வெயிலில் நிறம் போய், கூப்பிய கைகள் மட்டும் தெளிவாகத் தெரிகின்றன. சேலம் போகும்போதெல்லாம் பேருந்தில் அந்தப் பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்குவேன். என் துணைவியார், "எத்தன தரந்தான் பாப்பீங்க?" என்பார். அவர் கேட்பது சரிதான். பார்த்து முடியவில்லை.

அந்தக் கண்காணிப்பாளர் இண்டூரில் இக்கதையை வேறு விதமாகச் சொல்லி வருவதாக அறிகிறேன். நான் தடையில்லை என்று சொல்லிவிட்டு மாட்டிவிட்டேன் என்கிறாராம். வாயால் சொல்லப்படும் எதற்கும் வாயால் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆகவே இதை எழுதினேன். தாங்கள் வாசித்த பின் இத்தாள்களைக் கிழித்துவிடாமல், ஓரிடத்தில் பத்திரமாக வைத்திருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.