மூன்றாம் தவணையின் புள்ளிகள்

எல்கடுவப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சுதர்சினி. வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைக் காலையிலிருந்து சாயங்காலம்வரை குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்கவைப்பதுதான் அவள் உத்தியோகம். ஓ.எல். பரீட்சையில் சித்தியடைந்த பெண் அந்த லயத்து வீட்டு வரிசையில் அவள் ஒருத்திதான். அதனால் கிளினிக் அட்டை, பேங்க் கடிதம், கிராம சேவகரின் விண்ணப்பப் பாரம் எல்லாமே அவள் கைக்குத்தான் வரும். "சுதா சொன்னா சரிதான்" என்பார்கள். அப்படிச் சொல்வதைக் கேட்கும்போது அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

அந்தக் குளிர்ச்சி தணலாய் மாறியது போன மார்கழியில்.

தோட்டப் பள்ளியில் ஒன்பதாம் தரம்வரைதான் இருந்தது. பத்துக்கு மாத்தளை டவுனுக்குத்தான் போகவேண்டும். டவுன் பள்ளிக்கூடம் ஒன்று வருடக் கடைசியான மூன்றாம் தவணைப் புள்ளிகளைப் பார்த்துப் பிள்ளைகளை எடுப்பதாகவும், வெள்ளிக்கிழமைக்குள் பாரம் கொடுக்கவேண்டும் என்றும் அதிபர் சொல்லியிருந்தார். சுதர்சினியின் மகள் டிலோஜினியும் ஒன்பதாம் தரம்தான். தேர்ச்சி அறிக்கை கொடுத்த நாளன்று சுதர்சினி லீவு போட்டுவிட்டுப் போனாள். இருபத்தேழு பேர் வகுப்பில் டிலோஜினி பதினாறாவது. கணிதம் முப்பத்து மூன்று, பக்கத்தில் W. வகுப்பாசிரியர் குறிப்பு: "கவனம் போதாது." ஒப்பமிடும்போது பேனாவின் முனை தாளைக் கிழித்துவிடும்போல் இருந்தது அவளுக்கு.

மறுநாள் சாயங்காலம், குழந்தைகளை எல்லாம் அனுப்பிவிட்டுத் தொட்டில் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தபோது நல்லம்மா வந்தாள். பக்கத்துக் காம்பராக்காரி; அவள் மகள் தர்ஷிகாவும் டிலோஜினியின் வகுப்புதான். கொழுந்து நிறுத்துவிட்டு நேரே வந்திருந்தாள், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. கையில் போன்.

"சுதா, இதக் கொஞ்சம் பாரு. நேத்து எனக்கு லீவு கெடைக்கல, திரீவீலர் ஓட்டுற பழனிமுத்து அண்ணந்தான் பள்ளிக்கூடத்துக்குப் போனாரு. ஒப்பம் வச்சதும் அட்டைய திருப்பி வாங்கிக்கிட்டாங்களாம். போட்டோ புடிச்சு அனுப்பியிருக்காரு. தர்ஷிகா நாலாவதுன்னு சொல்லுறா. நாலுன்னா கம்மியில்லையா?"

நல்லம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். அதற்கு மேல் பள்ளிக்கூடம் அவளை வைத்துக்கொள்ளவில்லை.

சுதர்சினி போனை வாங்கினாள். வெளிச்சம் பட்டு ஒரு மூலை வெளிறியிருந்தாலும் மற்றதெல்லாம் தெளிவாய்த் தெரிந்தது. இடப்பக்கம் பாடங்களின் பெயர். அதையடுத்து முதலாம், இரண்டாம், மூன்றாம் தவணை என்று மூன்று கட்டங்கள். மூன்றாவது கட்டத்தில் தமிழ் எண்பத்தொன்று, A. விஞ்ஞானம் எழுபத்தாறு, A. கணிதம் அறுபத்தாறு, B. கீழே வகுப்பில் நிலை: 4. அதன் கீழ் ஆசிரியையின் அழகான கையெழுத்தில், "கணிதத்தில் சிறந்த முன்னேற்றம். மேலும் ஊக்குவிக்கவும்."

தன் மகளுக்கு ஞாயிறு தோறும் டவுனில் டியூஷன். போகவரப் பஸ், மழையில் குடை பிடித்து வாசலில் அவள் காவல். இந்தப் பிள்ளையோ அடுப்படி வெளிச்சத்தில் பழைய கொப்பியைப் புரட்டிப் படித்தது. எழுத்தே தெரியாதவள் வயிற்றில் பிறந்ததற்கு B. தன் வயிற்றில் பிறந்ததற்கு W.

இரண்டு விரல்கள் தாமாகத் திரையில் விரிந்தன. படம் பெருத்தது. முதலாம் தவணைக் கட்டம் மட்டும் திரையை நிறைத்தது.

"கணிதம் முப்பத்தொன்னு, அக்கா. பக்கத்துல இருக்கே, இது W."

"W-ன்னா?"

"சித்தி இல்ல. A, B, C, S, இது நாலும் பாஸ். A-தான் ஒசத்தி, S கடைசி. W-ன்னா பெயில்." அத்தனையும் உண்மை. அவள் படத்தைக் கீழே நகர்த்தினாள். "நெல பதினேழு. பதினாறு பேருக்குப் பின்னால."

"நாலுன்னு சொன்னாளே?"

சுதர்சினி போனைத் திருப்பிக் கொடுத்தாள். சேலையை மடித்தாள். அதுவே போதுமாயிருந்தது.

"பொய்யா சொன்னா?" என்றாள் நல்லம்மா. "அப்ப டவுனுக்கெல்லாம் எதுக்கு? தையல் பழகவே போட்டுருவோம். அந்த டவுன் பாரத்த ஒப்பம் வைக்காமலே அவகிட்ட திருப்பிக் கொடுத்துடுறேன்."

விளக்கு வைத்த கொஞ்ச நேரத்திலேயே சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. லயத்துச் சுவருக்கு ரகசியம் தெரியாது. "எங்கிட்டயே பொய் சொல்றியா?" என்றாள் நல்லம்மா. "நெசமாத்தாம்மா, நாலாவதுதாம்மா" என்று தர்ஷிகா திரும்பத் திரும்பச் சொன்னாள். "சுதா படிச்சவ. அவ பாத்து சொன்னா." அதன்பின் பிள்ளையின் குரல் கேட்கவில்லை. அழுகைகூட இல்லை.

டிலோஜினி சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு தாயைப் பார்த்தாள். "அம்மா, தர்ஷிகா நாலாவதுதான். மிஸ் எல்லார் முன்னாலயும் கை தட்டச் சொன்னாங்க. நானும் தட்டினேன்."

"நீ சோத்தத் தின்னு."

தட்டினாயா, நீயும் கை தட்டினாயா என்று அவளுக்குள் ஏதோ கொதித்தது. பொறாமை தன்மேலேயே திரும்பியது: பதினாறாவதாய் வந்த பிள்ளைக்கு இருந்த மனசு தனக்கில்லை.

வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குப் பெயர் கொடுக்கும் நேரத்துக்கு முன்பே சுதர்சினி நல்லம்மாவின் கதவைத் தட்டினாள். தர்ஷிகா உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அக்கா, அந்தப் போட்டோவ எடுங்க."

நல்லம்மா போனை நீட்டினாள். சுதர்சினி படத்தைச் சிறிதாக்கி, முழு அட்டையும் தெரியும்படி பிடித்தாள்.

"இங்க மூணு கட்டம் இருக்கு, பாருங்க. மூணு தவணைக்கு மூணு. முதத் தவணையில கணிதம் முப்பத்தொன்னு, W. ரெண்டாவதுல நாப்பத்தெட்டு, S. இப்ப, மூணாவதுல, அறுபத்தாறு. B. நெலையும் அப்படித்தான். பதினேழு, ஒம்பது, நாலு. நெலைக்கு நம்பர் கொறையக் கொறைய ஒசத்தி. இருபத்தேழு பேருல இவளுக்கு முன்னால மூணே பேரு."

நல்லம்மா ஒவ்வொரு கட்டத்திலும் விரல் வைத்துப் பார்த்தாள். நகத்தடியில் கொழுந்துக் கறை. "பதினேழு... ஒம்பது... நாலு." பிறகு மெல்லக் கேட்டாள்: "அன்னைக்கி இருட்டுல ஒனக்குச் சரியாத் தெரியல போல?"

தப்பிக்க ஒரு வழி திறந்தே கிடந்தது. சுதர்சினி அதற்குள் நுழையத்தான் நினைத்தாள்.

"தெரிஞ்சிச்சு அக்கா. எல்லாம் நல்லாத் தெரிஞ்சிச்சு. டிலோஜினி கணிதத்துல பெயில். எனக்குப் பொறுக்கல."

பாத்திரச் சத்தம் நின்றது. நல்லம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"மிஸ்ஸு கீழ என்னமோ எழுதியிருக்காங்களே, அதையும் வாசி" என்றாள்.

சுதர்சினி வாசித்தாள். நல்லம்மா மகளிடம் போய் ஈரக் கையோடு அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். தாயும் மகளும் பேசிக்கொண்டதைக் கேட்க நிற்காமல் சுதர்சினி வெளியே வந்தாள். அன்று மத்தியானம் பழனிமுத்து தன் திரீவீலரில் பாரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

தை பிறந்து தர்ஷிகா வெள்ளைச் சீருடையில் டவுன் பஸ் ஏறினாள். டிலோஜினிக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. ரத்தோட்டையில் இன்னொரு பள்ளியில் சேர்த்தார்கள். காலையில் இருவரும் ஒரே பஸ் தரிப்பில் நின்று சிரித்துப் பேசுவதைப் பிள்ளைக்காம்பரா ஜன்னலிலிருந்து சுதர்சினி பார்ப்பாள். நெஞ்சில் அந்தத் தணல் இன்னும் இருக்கத்தான் செய்தது. அணைந்துவிட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

நல்லம்மா இப்போதெல்லாம் கடிதம், பாரம் எதையும் அவளிடம் கொண்டுவருவதில்லை. மகளிடமே கேட்டுக்கொள்கிறாள். முதலாம் தவணை அட்டை வந்தபோது மட்டும் அவள் பிள்ளைக்காம்பராவுக்கு வந்தாள். போனை நீட்டவில்லை. மகளிடம் பழகியபடி, தானே பார்த்து, தானே விரல்வைத்து வாசித்தாள்.

"தமிழ் A. கணிதம் B. நெல பதினொன்னு. பெரிய பள்ளிக்கூடமில்லையா, அதான் நம்பர் கூடிப்போச்சு." பிறகு சுதர்சினியை ஏறிட்டுப் பார்த்தாள். "டிலோஜினிக்கு என்ன?"

"கணிதம் S" என்றாள் சுதர்சினி.

"S-ன்னா பாஸ்தானே" என்றாள் நல்லம்மா.