கடைச் சுவரில் நான் எழுதிய எண்

பாம்பனில் பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஜெராக்ஸ் என்று பெயர்தான். ரீசார்ஜ், டிஷ் கார்டு, கரண்ட் பில், ஆதார் திருத்தம் என்று எல்லாமும் பார்ப்பேன். ஏதாவது தெரியவில்லை என்றால் ஊரில் என்னிடம்தான் வருவார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது என்று இப்போது தெரிகிறது.

மேசைக்குப் பின்னால் இருக்கும் சுவரில் நீல மார்க்கரில் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தேன். கேஸ், டிஷ், பிரிட்ஜ், கூரியர் கம்பெனிகளின் கஸ்டமர் கேர் எண்கள். ஆளுக்கு ஆள் வந்து, "தங்கச்சி, இந்தக் கம்பெனிக்கு நம்பர் சொல்லு" என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் தேடிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. ஒருமுறை தேடினேன், முதலில் வந்ததை எடுத்தேன், சுவரில் எழுதினேன். எழுதிய பிறகு விரலை மட்டும் நீட்டினால் போதும். சிலர் அந்தச் சுவரை போட்டோ எடுத்துப் போவார்கள். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அதில் எனக்குப் பெருமை வேறு.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. விசைப்படகுகள் எல்லாம் கரையில் நின்றன, ஆண்கள் எல்லாம் வீட்டில் இருந்தார்கள். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு அக்கா. அவள் கணவர் ஒரு விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அவள் காலையில் வந்து என்னிடம் டிஷ்ஷுக்கு ரீசார்ஜ் போட்டுப் போனாள். மதியம் திரும்பி வந்தாள்.

"காசு போட்டும் படம் வரல தங்கச்சி. அவரு வீட்டுல உக்காந்துக்கிட்டு என்னைய வையிறாரு."

அன்று பள்ளிச் சான்றிதழ்களுக்குக் கூட்டம். நான் தலையைக் கூடத் தூக்கவில்லை. "அந்தா செவுத்துல இருக்கு பாருங்கக்கா. போன் போட்டுச் சொல்லுங்க, அவுகளே சரி பண்ணுவாக" என்றேன்.

அவள் எண்ணைப் பார்த்துப் போட்டாள். உடனே எடுத்தார்கள். அதை நான் கவனித்தேன், கம்பெனிக்காரர்கள் இவ்வளவு சீக்கிரம் எடுப்பதில்லையே என்று ஒரு நொடி தோன்றவும் செய்தது. எடுத்தவன் தமிழில்தான் பேசினான், அவ்வளவு மரியாதையாக. டிஷ் கார்டைப் புதுப்பிக்க வேண்டும், ஒரு செயலி அனுப்புகிறேன், அதைப் போட்டு இரண்டு ரூபாய் கட்டுங்கள், பத்து நிமிடத்தில் படம் வந்துவிடும் என்றான். அக்காவுக்கு அந்தச் செயலியைப் போடத் தெரியவில்லை. அழைப்பைத் துண்டிக்காமலே போனை என்னிடம் நீட்டினாள்.

"நீயே போட்டுக் குடும்மா."

போட்டுக் கொடுத்தேன். மெசேஜில் வந்த கோப்பைத் திறந்ததும், தெரியாத இடத்திலிருந்து வந்தது, ஆபத்தாக இருக்கலாம் என்று போன் எச்சரித்தது. தாண்டிப் போனேன். உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி வேண்டும் என்று கேட்டது. 'சரி' என்று தட்டினேன். டிஷ் கம்பெனியின் படத்தோடு ஒரு பக்கம் திறந்தது. அதில் ஏடிஎம் கார்டின் எண்ணும் பின்பக்கத்து மூன்று இலக்கமும் கேட்டிருந்தார்கள். அவள் ஜாக்கெட்டுக்குள்ளிருந்த பர்சை எடுத்து கார்டைத் தந்தாள். நானே பார்த்துப் பார்த்து அடித்தேன். வரிசையில் நின்றவர் ஒருவர் முனகினார். போனை அவள் கையில் கொடுத்து அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அந்தக் கார்டு இருந்த கணக்கில்தான் தடைக்கால நிவாரணப் பணம் வந்து விழுந்திருந்தது. கடலுக்குப் போக முடியாத இரண்டு மாதத்துக்கு அந்த வீட்டின் அரிசி அதுதான். அன்று சாயங்காலத்துக்குள் அது மூன்று தடவையாகப் போய்விட்டது. வங்கியிலிருந்து வந்த ஓடிபி எண்களை அந்தச் செயலியே படித்து அவனுக்கு அனுப்பியிருக்கிறது. அவள் போனில் அந்தச் செய்திகள் எதுவும் நிற்கவில்லை. மறுநாள் காலை ஏடிஎம்முக்குப் போனபோதுதான் தெரிந்திருக்கிறது.

நேராகக் கடைக்கு வந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"யாருட்டயாச்சும் ஓடிபி சொன்னீங்களாக்கா? எத்தன தடவ சொல்றோம், யாருட்டயும் சொல்லாதீங்கன்னு!"

நின்றவர்களில் ஒருத்தி, "எதையாச்சும் அமுக்கிருப்பா" என்றாள். நான் அதை மறுக்கவில்லை. இன்றைக்கும் அந்த இடத்தை நினைத்தால் காது சூடாகிறது. பயத்தில் வந்த வார்த்தை என்று சமாதானம் சொல்லலாம். இல்லை, நான் யோசித்துத்தான் சொன்னேன்.

செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன், அதில் குறை வைக்கவில்லை. சைபர் குற்றங்களுக்கு என்று இருக்கும் உதவி எண்ணுக்கு அவள் போனிலிருந்தே பேசினோம். வங்கியில் சொல்லி ஏடிஎம் கார்டை முடக்கினோம். அந்தச் செயலியை நீக்கினேன். அரசின் இணையதளத்தில் புகாரும் நானே பதிந்தேன். சம்பவம் நடந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சொல்லியிருந்தால் பணம் கை மாறுமுன் நிறுத்த வாய்ப்பு அதிகம், ஒரு ராத்திரி போய்விட்டதே என்றார் உதவி எண்ணில் பேசியவர். பணம் கை மாறிப் போய்ச் சேர்ந்த கடைசிக் கணக்கில் ஒட்டியிருந்த கொஞ்சத்தை மட்டும் நிறுத்தி வைக்க முடிந்தது.

புகாரில் ஓரிடத்தில், அந்த எண் எப்படிக் கிடைத்தது என்று எழுத வேண்டியிருந்தது. 'மனுதாரர் இணையத்தில் தேடி எடுத்தார்' என்று அடித்தேன். தேடலைப் பற்றி ஒன்றும் தெரியாதவள் அவள். நான் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அவள் போனதும் வைட்னரை எடுத்துச் சுவரில் அந்த ஒரு வரியை மட்டும் பூசினேன்.

அதற்குப் பிறகுதான் உண்மையான எண்ணைத் தேடினேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. அவள் வீட்டு டிஷ் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த காகிதத்தில் இருந்தது. படம் வராதபோது டிவியில் வந்த செய்தியிலேயே இருந்தது. எல்லாவற்றுக்கும் மேல், நான் தினமும் ரீசார்ஜ் போடும் கம்பெனிச் செயலியில், உதவி என்ற இடத்தைத் தட்டினால் முதலிலேயே வந்து நிற்கிறது. ஆறு வருடமாக அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் வெளியில் தேடியிருக்கிறேன். நான் சுவரில் எழுதியதோ சாதாரணப் பத்து இலக்க செல்போன் எண். யாரோ ஒருவன் கம்பெனி பெயரைத் தலைப்பில் போட்டு, தன் எண்ணைப் பெரிதாக எழுதி ஒரு பக்கம் வைத்திருக்கிறான். தேடினால் அது முதலில் வந்தது, நானும் முதலில் வந்தது என்பதற்காகவே எடுத்தேன். மறுநாள் அவளை வரச் சொல்லி, சரியான எண்ணுக்கு அவள் போனிலிருந்து பேசியபோது டிஷ் கார்டைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். ஒரு பைசா கேட்கவில்லை.

டிவியில் படம் வந்தது, ஆனால் அந்த வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. புருஷன் தெருவில் வைத்தே அவளைத் திட்டினார் என்று கேள்விப்பட்டேன். "எவனோ பேசுனானாம், இவ கார்டத் தூக்கிக் குடுத்தாளாம்" என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் என் பெயரை எடுக்கவில்லை, "என் புத்தியத்தான் அடிக்கணும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். எனக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது. அவள் கடையைத் தாண்டும்போது கணினியைப் பார்ப்பதுபோல் குனிந்துகொள்வேன்.

தடைக்காலம் முடிந்த வாரத்தில் ஒரு பெண் வந்தாள். டிஷ் வேலை செய்யவில்லை, கஸ்டமர் கேருக்குப் போடப் போகிறேன், எண் இதுதானே என்று போனைக் காட்டினாள். என் சுவரின் போட்டோ. எங்கள் பக்கத்துப் பெண்களின் போன் குரூப்பில் யாரோ எப்போதோ போட்டிருக்கிறார்கள். நீல மார்க்கரில் என் கையெழுத்து. வைட்னர் அங்கே எட்டவில்லை.

கையும் களவுமாகப் பிடிபட்டதுபோல் ஆகிவிட்டது. "அது பொய் நம்பர், போடாதீங்க" என்றேன். அந்தக் குரூப்பில் என் குரலில் பேசி அனுப்பினேன்: அந்த எண்ணை எழுதியது நான்தான், யாரும் அதற்குப் பேசாதீர்கள், பில்லிலோ பெட்டியிலோ கம்பெனியின் சொந்தச் செயலியிலோ இருக்கும் எண்ணை மட்டும் எடுங்கள், எந்தக் கம்பெனியும் கோப்பு அனுப்பிக் கார்டு எண் கேட்காது என்று. அனுப்பிய கையோடு கடையைப் பூட்டிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். போன பணத்தில் பாதியை என்னால் இப்போதே தர முடியும், மீதியைப் பிறகு தருகிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"மறுநாளே செவுத்தப் பாத்தேன் தங்கச்சி. அந்த எடத்துல மட்டும் வெள்ள அடிச்சிருந்துச்சு" என்றாள். "எனக்குத் தெரிஞ்சத எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? அவர்ட்ட வந்து சொல்லு. இன்னைக்குக் கடலுக்குப் போறாரு, நாளைக்குக் காலைல வந்துருவாரு."

"நீங்களே ஏங்க்கா அவர்ட்டச் சொல்லல?"

"நான் சொன்னா நம்புவாரா? அறிவில்லாதவ, பழிய அடுத்தவ மேல போடுறான்னுதான் சொல்லுவாரு."

மறுநாள் காலை போனேன். அவர் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். அவள் உள்ளே இருந்தாள். வார்த்தைகளை ராத்திரியே யோசித்து வைத்திருந்தேன், அங்கே ஒன்றும் வரவில்லை. "அண்ணே, அக்கா யாருட்டயும் எதையும் சொல்லல. பொய் நம்பர எழுதி வச்சது நான். அந்தச் செயலியப் போட்டதும் நான், கார்டு நம்பர அடிச்சதும் நான்" என்றேன்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, அவ போட்ட சோத்த நான் அவ மொகம் பாத்து வாங்கல" என்றார். "இதச் சொல்ல ஒனக்கு அஞ்சு நிமிசம் ஆயிருக்குமாம்மா?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அவர் எழுந்து, என்னிடம் வேறொன்றும் சொல்லாமல், உள்ளே போனார். நான் வாசலிலேயே நின்றேன். அவள் அழுகிற சத்தம் கேட்டது, பணம் போன நாளிலிருந்து அவள் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை.