பதினேழு படியும் ஒரு பொட்டலம் நல்லமிளகும்

சாலைக் கடைத்தெருவில் தாணுமாலையன் ஆட்டிப் பார்க்காத தாழ்ப்பாள் கிடையாது. கோயிலுக்குப் போனால்கூட வாசல் கதவின் கீலை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாமியைக் கும்பிடுவார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவள் நான்தான். ஆனால் யாரும் அதைப் பொய் என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

சுசீந்திரத்துக்காரர். மொத்த இரும்புச் சாமான் கடை ஒன்றில் முப்பது வருஷமாகச் சரக்கு இறக்கி வாங்குகிற வேலை. லாரிச் சீட்டில் அவர் எழுதுவது ஒரு தனி இலக்கியம். ‘பெட்டி நாற்பது வந்தது. ஒன்றில் மூலை நசுங்கல். உள்ளே சரக்குக்குச் சேதமில்லை.’ இந்தக் கடைசி வரிக்காகவே லாரிக்காரர்கள் அவரைக் கண்டால் கும்பிடுவார்கள். நசுங்கலை மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள்தான் உலகத்தில் அதிகம்.

இன்டர்நெட் வந்த பிறகு இந்தச் சீட்டு எழுதும் கை சும்மா இருக்குமா? கிழக்கேகோட்டைக் கஃபேயில் ஞாயிறுதோறும் உட்கார்ந்து, வாங்கிய மிக்ஸி, தங்கிய லாட்ஜ், எல்லாவற்றையும் எழுதிப் போட ஆரம்பித்தார். ஆங்கிலத்தில் ஒரு பயணத் தளத்தில். தமிழில் தன் வலைப்பூவில். எந்தத் தேதியில் தங்கினேன், எந்த அறை, எவ்வளவு கொடுத்தேன், என்ன நன்றாக இருந்தது, என்ன இல்லை, யாருக்கு ஒத்துவரும், யாருக்கு வராது. மிக்ஸியைப் பற்றி எழுத ஆறு மாதம் காத்திருந்தவர் அவர். முதல் நாள் எந்த மிக்ஸிதான் அரைக்காது?

2008 அக்டோபரில், பூஜை விடுமுறைக்கு, மனைவி உலகம்மாளைக் கூட்டிக்கொண்டு வித்துராவில் ஜெஸ்லின் என்பவள் புதிதாகத் தொடங்கிய தங்கும் வீட்டுக்குப் போனார். பொன்முடி மலைக்குப் போகிற வழி. கீழே ஒரு அறை, மேட்டின் மேல் இரண்டு அறை. ஜெஸ்லின் ஒற்றை ஆளாக நடத்துகிறாள். பயணத் தளத்தில் அவள் வீட்டைப் பற்றி அதுவரை இருந்தது ஒரே ஒரு குறிப்பு. டிவி இல்லை என்று கோபித்துக்கொண்டு யாரோ ஒற்றை நட்சத்திரம் குத்திவிட்டுப் போயிருந்தார். டிசம்பர் சீசனுக்குள் நல்லதாக ஒன்று வராவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு மறுபடி தையல் மெஷினில் உட்கார வேண்டியதுதான் என்று அவளே உலகம்மாளிடம் சொல்லியிருக்கிறாள்.

சாப்பாடு பிரமாதம். கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் தின்றுவிட்டு உலகம்மாள் இரண்டு நாள் பேசவே இல்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். குறை என்றால், வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரைதான். மழை பெய்தால் காலில் அட்டை ஏறும். என் கணக்கில் அது கத்தரிக்காய் அளவு; அவர் எழுதியது ‘விரல் நகம் அளவு, உப்புப் போட்டால் விழுந்துவிடும்’. பிறகு அந்தப் படி. மேல் அறைக்கு ஏறப் பதினேழு கல்படி, கைப்பிடி கிடையாது, பாசி. நான் எழுதியிருந்தால் எழுபது என்றிருப்பேன்.

புறப்படும்போது ஜெஸ்லின் ஒரு பொட்டலம் நல்லமிளகைக் கையில் திணித்தாள். “வீட்டுக் கொடியில பறிச்சது அண்ணாச்சி. அந்தப் படிக் காரியத்த மட்டும் எழுதாதீங்க, கேட்டீங்களா?”

வாங்கிக்கொண்டார். அங்கேதான் வந்தது வினை.

தமிழில் கை வழக்கம்போல் ஓடியது: ‘பதினேழு படி. பிடித்து ஏற ஒன்றுமில்லை. முட்டுவலிக்காரர்கள் முன்கூட்டியே போன் செய்து கீழ் அறை கேட்கவும்.’ ஜெஸ்லினுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது, அந்தத் தைரியம். ஆங்கிலத்துக்கு வந்ததும் மிளகு வாசம் மூக்கில் ஏறியது. முதலாளிக்காகக் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதிப் பழகிய ஆங்கிலம். எதையும் நோகாமல் சொல்லும். ‘நேச்சுரல் ரஸ்டிக் ஸ்டெப்ஸ்’, அதாவது இயற்கையான நாட்டுப்புறப் படிகள், என்று எழுதி ஐந்து நட்சத்திரம் போட்டார்.

நவம்பரில் நடந்தது இது. வலைப்பூவைப் படித்துவிட்டு நாகர்கோவிலிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பாட்டிக்கு முட்டுவலி, முன்பே போன் செய்து கீழ் அறை வாங்கி, நான்கு நாள் சிரித்துக்கொண்டே தங்கிப் போனார்கள். அதே வாரம் புனேயிலிருந்து ஒரு வயதான தம்பதி, ஆங்கிலத்தை நம்பி, மேல் அறை பதிந்து வந்தார்கள். கீழ் அறையில்தான் நாகர்கோவில் பாட்டி இருக்கிறாளே. புனே அம்மாள் மூன்றாவது படியில் உட்கார்ந்தவர், காரை வரச்சொல்லித்தான் எழுந்தார். ‘முன்னால் எழுதியவர் எங்களை ஏமாற்றிவிட்டார்’ என்று தளத்தில் இரண்டு நட்சத்திரம் விழுந்தது. டிசம்பருக்கு அறை கேட்டிருந்த இரண்டு பேர் ரத்து செய்தார்கள்.

ஜெஸ்லின் கடைக்கே போன் செய்து அழுதாள். அண்ணாச்சி எழுதியும் இப்படி ஆயிற்றே என்றாள். அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னால், உலகம்மாள் ரசத்தைக் கலக்கிக்கொண்டே கேட்டாள்:

“நல்லமொளவு தமிழுக்குக் காரமா இருந்து, இங்கிலீசுக்கு மட்டும் இனிச்சிதோ?”

அந்த ரசத்தில் இருந்ததும் அதே மிளகுதான். மனுஷன் பாதியில் எழுந்துவிட்டார்.

அந்தத் தளத்தில் போட்டதைத் திருத்த வழியில்லை. பழையதை நீக்கிவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். சத்தம் போடாமல் மாற்றியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவரோ முதல் வரியிலேயே எழுதினார்: முன்பு நான் எழுதியதில் படியைப் பற்றிச் சரியாகச் சொல்லவில்லை, வீட்டுக்காரர் கொடுத்த நல்லமிளகை வாங்கிக்கொண்டேன், புனேக்காரர்கள் சொன்னது நியாயம். பிறகு பதினேழு படி, பாசி, வெந்நீர் நேரம், அட்டை, மீன்குழம்பு, கீழ் அறை. தமிழில் இருந்ததெல்லாம் ஆங்கிலத்திலும். நட்சத்திரம் நான்கு. வலைப்பூவிலும் மிளகைச் சேர்த்தார். பிறகு ஜெஸ்லினுக்குப் போன் போட்டு, இரண்டையும் வாசித்துக் காட்டினார்.

அவள், “என்னெ எல்லாரு முன்னாலயும் நாணம் கெடுத்தியளே” என்று போனை வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் சாலைக் கடைக்கு வந்து நின்றாள். கைப்பிடிக்குப் பைப் வேண்டும். தாணுமாலையன் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் ஒண்ணேகால் இஞ்சு ஜி.ஐ. பைப்பில் ஒரு நீளம் எடுத்துப் போட்டு, இது போதும் என்றார். முழு விலைக்குப் பில் போட்டார். சலுகை கேட்டவளிடம், சலுகை கொடுத்தால் அதையும் எழுத வேண்டிவரும் என்றார். அவள் முழு விலையைக் கொடுத்தாள்.

பைப் ஏறிவிட்டது, இனி எழுதுங்கள் என்று அவள் சொன்னபோது, பார்க்காமல் எழுத மாட்டேன் என்றார். அடுத்த ஞாயிறு கஃபேக்குப் போகாமல் வித்துரா பஸ் ஏறினார். பாசி சுரண்டிச் சுத்தமாக இருந்தது. பைப்பைப் பிடித்து ஆட்டினார், அசையவில்லை. பிடித்துக்கொண்டே ஏறினார். பதினாறாம் படியில் கை காற்றைப் பிடித்தது. ஒரு நீளம் இருபது அடி. படி அதைவிட நீளம். முப்பது வருஷம் பைப்போடு புழங்கியவர் அளவு கேட்காமல் கொடுத்திருக்கிறார்.

ஜெஸ்லின் கீழே நின்று மேலே பார்த்தாள். “இதையும் எழுதுவியளோ?”

“எழுதாம?”

அன்று சாயங்காலமே வலைப்பூவில் ஏறியது. தளத்தில் ஜெஸ்லின், வீட்டுக்காரர் பதில் எழுதும் இடத்தில், அவர் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டாள்: ‘கைப்பிடி பொருத்தியாயிற்று. பதினைந்து படி வரை உறுதி. கடைசி இரண்டு படிக்கு எட்டவில்லை. பைப் கொடுத்த கடைக்காரரின் பிழை. அந்தக் கடைக்காரர்தான் இந்த வீட்டைப் பற்றி மேலே எழுதியவர்.’

டிசம்பர் முதல் வாரம் அவள் கடைக்குப் போன் செய்தாள். புனேக்காரர்களே கூப்பிட்டார்களாம். கீழ் அறை இருபதாம் தேதி காலியா, மீன்குழம்பு உண்டா, அட்டைக்கு உப்பு நாங்களே கொண்டுவரவா என்று கேட்டார்களாம். மேல் அறைக்கும் சென்னையிலிருந்து ஒரு இளந்தம்பதி பதிந்துவிட்டார்கள். கடைசி இரண்டு படியையும் இவளைத் தூக்கிக்கொண்டு ஏறுவேன் என்று மாப்பிள்ளை போனிலேயே சொன்னாராம். இது மட்டும் நான் சேர்த்தது.

மூன்றரை அடி பைப் துண்டு ஒன்று அன்றே வித்துரா பஸ்ஸில் போனது. பில்லோடுதான்.