சந்தை நாளில் குறித்த தேதி

தருமபுரியில் குடிநீர்க் கிணறு வேலை பார்த்துவந்த தொண்டு நிறுவனம் ஒன்று, இளநிலைத் திட்ட ஒருங்கிணைப்பாளர் தேவை என்று விளம்பரம் கொடுத்திருந்தது. ஒரே இடம். நான் அப்போதுதான் படிப்பை முடித்துவிட்டுப் பாப்பிரெட்டிப்பட்டி திரும்பியிருந்தேன். வேலை கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் தையில் கல்யாணம் என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். எண்பதுகளில் அதற்கு மேல் பேரம் பேச முடியாது.

பயோடேட்டாவில் அனுபவம் என்ற இடம் காலி. அதனால் கூட வைக்கும் கடிதத்தைத்தான் நம்பினேன். கடைசி வருடம் பாப்பாரப்பட்டிப் பக்கம் நானும் என் தோழியும் சேர்ந்து எடுத்த குடிநீர்க் கணக்கெடுப்பைப் பற்றி எழுதினேன். நடந்த தவறையும் மறைக்கவில்லை. முதல் நாள் போனால் வீடெல்லாம் பூட்டு, அன்றைக்குச் சந்தை. தேதி குறித்தவள் தோழி. டவுன்காரி, யாரையும் விசாரிக்கவில்லை. அன்றே டீக்கடையில் உட்கார்ந்து சந்தை நாள், களைவெட்டு நாள் எல்லாம் கேட்டு வாரவாரியாகப் புது அட்டவணை போட்டவள் நான். ஆனாலும் அவளைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. ‘நாங்கள் தேதியைத் தவறாகக் குறித்தோம், பிறகு அட்டவணையை மாற்றிக் கெடுவுக்குள் முடித்தோம்’ என்று எழுதினேன். பெரிய மனசு!

டைப் அடித்து முடித்தபோது அவள் கூடவே நின்றாள். அவளும் அதே வேலைக்கு மனுப் போடுவதாக இருந்தாள்.

“கார்பன் காப்பிய எனக்குக் குடு புள்ள. எப்படி எழுதறதுன்னு பாத்துட்டுத் தர்றேன்.”

கொடுத்தேன்.

நேர்காணலில் அவளுக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். மேசையில் இரண்டு கடிதங்கள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. கண்ணாடி போட்ட அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“கூடப் படிச்ச பொண்ணு சந்தை நாள்ல தேதி குறிச்சிட்டாங்க, நாந்தான் அட்டவணைய மாத்துனேன்னு இப்ப வந்துட்டுப் போனவங்க எழுதியிருக்காங்க. அந்தப் பொண்ணு நீங்கதானுங்களாம்மா?”

“இல்லைங்க சார். குறிச்சது அவங்க. மாத்துனது நானு.”

“அப்ப உங்க லெட்டர்ல ஏன் அப்படிப் போடலீங்க?”

என் கடிதத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். அடியில் என் கையெழுத்து. தோழிக்காக எழுதினேன் என்று அந்த அறையில் எப்படிச் சொல்வது? சொன்னாலும் யார் நம்புவார்கள்? “தப்புங்க சார்” என்று மட்டும் வாயில் வந்தது. அவர் அதை எதற்கான ஒப்புதலாக எடுத்துக்கொண்டார் என்பது அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

வெளியே பெஞ்சில் அவள் காத்திருந்தாள்.

“என்ன புள்ள கேட்டாங்க?”

அவள் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே தெரியாத மாதிரி இருந்தது. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

தையில் என் கல்யாணத்துக்கு வந்திருந்தாள். அட்சதை போட்டுவிட்டு, பந்திக்குக்கூட உட்காராமல், “ஃபீல்டுக்குப் போகணும், அரை நாள்தான் லீவு குடுத்தாங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.