சுஜூதில் குத்திய வலி

மூக்கு ஒழுகும் தடிமன்தான் முதலில் வந்தது. ஐந்தாறு நாளில் விட்டுப்போனது போலவும் இருந்தது. பிறகு திரும்பி வந்து இரண்டு கன்னங்களிலும் நெற்றியிலும் குந்திக்கொண்டது. நிமிர்ந்து நின்றால் வெறும் கனம். குனிந்தால் முகத்துக்குள் கல் உருளும். தொழுகையில் சுஜூதுக்குக் குனிந்து நெற்றி பாயைத் தொட்டதும் கண்ணில் தண்ணீர் முட்டும்.

ஓர் அசர் தொழுகையில் என்னை அறியாமல் முனகிவிட்டேன். பக்கத்தில் நின்றவர் என் மனைவியின் தம்பி. அடுத்த நாள் நான் பள்ளிவாசலுக்குப் போக, வரிசையின் ஓரத்தில் எனக்கென்று பிளாஸ்டிக் கதிரை ஒன்று போட்டு வைத்திருந்தார்.

"மச்சான், இதுல இருந்து தொழுங்க. குனியாதீங்க. பிரஷர்."

"ஆர் சொன்ன?"

"ஆர் சொல்லோணும்? ஒங்கட முகமே சொல்லுது."

கதிரையில் தொழுவது குறைச்சல் என்று நான் சொல்லவில்லை. ஏலாதவனுக்கு மார்க்கம் தந்த இலேசு அது. ஆனால் எங்கள் பள்ளியில் கதிரைக்குப் போன நாலு பேரில் ஒருவரும் பாய்க்குத் திரும்பியதை நான் காணவில்லை. சாய்ந்தமருதுக் கடற்கரையில் கரைவலை இழுத்தவன் நான். இழுவை தொடங்கினால் இடுப்பு நிமிராது, மணல் மூக்கில் ஏறும். ஒருமுறை வலை முழுக்க மீனுக்குப் பதில் வழுவழுத்த சொறிமுட்டை வந்து, கையெல்லாம் எரிய எரிய இழுத்தோம். கதை எங்கேயோ போகிறது. ஓர் ஆளுக்கு ஏலுமா ஏலாதா என்பதை அந்த ஆளைக் கேட்காமல் தீர்மானிக்கக் கூடாது, அதைத்தான் சொல்ல வந்தேன்.

"கதிரைய எடுங்க. ஏலாட்டி நானே கேட்பன்" என்றேன்.

நான் இருப்பது மகளின் வீட்டில். மருமகன் நல்ல பிள்ளை, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு வைத்திருப்பார். "மாமா, இது ஒத்தைத் தலையிடி" என்று குளிசை கொண்டுவந்தார். பிறகு கண்தான் காரணம் என்று கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் எழுத்துகளைக் காட்டி வாசிக்கச் சொன்னார். "எழுத்தெல்லாம் தெளிவாத் தெரியுது தம்பி, என்னெண்டுதான் தெரியா" என்றேன். இங்கிலீசு நான் படித்ததில்லை.

நானும் ஒரு வேலை பார்த்தேன். மூக்கில்தான் கோளாறு என்று எண்ணி, தொழுகைக்குக் கை முகம் கழுவி வுழூச் செய்கிறபோது பள்ளி ஹவுழுத் தொட்டித் தண்ணீரைத் தலைக்குள் ஏறுமளவுக்கு உறிஞ்சிச் சீறினேன். வலி கூடியதுதான் மிச்சம். அதன் பிறகு ஒருவருக்கும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றேன்.

டொக்டர் ஒரு சின்னப் பொம்பிளைப் பிள்ளை, எங்கள் ஆள்.

"சாப்பாடு மெல்லக்குள்ள தாடை நோகுதா வாப்பா? பார்வை மங்கிச்சா? தலை சீவக்குள்ள தோல் நோகுதா?"

"தலையில சீவுறத்துக்கு என்ன இரிக்கி மகள்?"

சிரித்தாள். என்றாலும் நெற்றியின் இரு பக்கப் பொட்டையும் அழுத்தித் தடவிப் பார்த்தாள். இந்த வயதில் புதிதாகத் தலையிடி வந்தால் பொட்டில் ஓடுகிற இரத்த நரம்பு அழன்றிருக்கலாம், விட்டால் கண்ணே போய்விடும், அதனால்தான் முதலில் அதைக் கேட்டாளாம். பிரஷர் பார்த்தாள், நல்லாத்தான் இருந்தது. வெளிச்சம் கூசுதா, வயிற்றைப் பிரட்டிச் சத்தி வருதா என்றாள். இல்லை. மணம் தெரியுதா என்றாள்.

"நாலு நாளா மீன்கறி வெந்நீர் மாதிரி இரிக்கி."

மூக்குக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். கன்ன எலும்பை அழுத்தினாள். நான் கதிரையோடு எழும்பிவிட்டேன்.

"பீனிசம் வாப்பா. கன்ன எலும்புக்குள்ள சளி கட்டியிரிக்கி."

"குனிஞ்சா நோகுதே, அதால சொல்றயா?"

"அத மட்டும் வெச்சுச் சொல்ல ஏலா. ஒத்தைத் தலையிடியும் குனிஞ்சாக் கூடும். கனபேர் அதப் பீனிசமெண்டு நினைச்சு வருசக்கணக்கா ஆவி பிடிக்காங்க. ஒங்களுக்கு மஞ்சள் சளி இரிக்கி, மணம் இல்ல, குறைஞ்ச தடிமன் திரும்பிக் கூடியிரிக்கி. அதுதான்."

குளிசை எழுதினாள். மூக்கைக் கழுவக் கொதித்தாறிய தண்ணீரில் உப்புக் கலந்து பாவிக்கச் சொன்னாள். ஹவுழுக் கதையைச் சொன்னதும் தலையில் கை வைத்தாள். "வுழூவுக்கு மூக்கில மெல்ல எடுங்க, போதும்."

நான் வந்த காரியத்தைக் கேட்டேன். "சுஜூது செய்யலாமா?"

"செய்யலாம். நோகும், ஆனா ஒண்டும் வெடிக்காது. தாங்க ஏலாட்டி இருந்து தொழுங்க, குத்தமில்ல. கண்ணைச் சுத்தி வீங்கினா, பார்வை மங்கினா, கழுத்து விறைச்சா மட்டும் உடன ஓடி வரோணும்."

அன்றைக்கே அசருக்குப் போய்ப் பாயில் நின்றேன். மருந்து அதுவரை ஒரு வேளைதான் உள்ளே போயிருந்தது. சுஜூதில் கன்னம் இரண்டும் வெடிக்கிற மாதிரிக் குத்தியது. இமாம் தக்பீர் சொல்லும்வரை நெற்றியை எடுக்கவில்லை.

சலாம் கொடுத்ததும் மச்சினன் என் பக்கம் திரும்பினார்.

"நோகல்லியா?"

"நோகுது. பீனிசம். டொக்டர் சொன்ன."

"அப்ப என்னத்துக்கு இந்தப் பிடிவாதம்?"

"இப்ப நோவுக்குப் பேர் தெரியும். பேர் தெரிஞ்ச நோவுக்கு நான் பயமில்ல" என்று சொல்லிவிட்டு, பிந்தி வந்து தொழ நின்றவருக்கு இடம் விட்டு எழும்பினேன்.